மேற்கோளை மூடிவிட்டுப் படித்தால் மிச்சம் என்ன?

முதுகலைத் தமிழ் வகுப்பில் ஓர் அசைன்மென்ட் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு: 'கண்ணகி மதுரையை எரித்தது நீதியா?' அளவு 1,500 சொல், மதிப்பெண் 20. ஒரு மாணவி கொடுத்த கட்டுரையில் 11 மேற்கோள்கள். வஞ்சினமாலைப் பகுதி முழுசாக ஒரு பக்கத்துக்கு மேல் ஓடுகிறது. அதன் பிறகு திறனாய்வு நூல்களிலிருந்து பத்தி பத்தியாக எடுத்துப் போட்டிருக்கிறார். ஆசிரியர் பெயர், நூல், பதிப்பு, பக்க எண் எல்லாம் சரி. ஒற்றுப்பிழைகூட இல்லை.

இதற்கு எத்தனை மதிப்பெண் போடுவது? இரண்டு ஆசிரியர்களிடம் கொடுத்தால் ஒருவர் 16 போடுவார். இவ்வளவு நூல்களைத் தேடிப் படித்திருக்கிறாளே, அந்த உழைப்புக்கு மதிப்பில்லையா என்பது அவர் கணக்கு. இன்னொருவர் 7 போட்டுவிட்டு, இதில் அவள் எழுதியது எங்கே என்று கேட்பார். ஒரே தாளுக்கு ஒன்பது மதிப்பெண் வித்தியாசம். தாள் திருத்துகிறவர்களுக்கு இது பழகிப்போன சங்கடம்.

இப்படிப்பட்ட கட்டுரை திருட்டு ஆகாது. சிக்கலே அதில்தான் இருக்கிறது. எடுத்த இடத்தை எல்லாம் மாணவி நேர்மையாகச் சொல்லிவிட்டார். பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் கொண்டுவந்த கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிமுறைகளின்படி, பிற நூல்களோடு ஒத்துப்போகும் பகுதி 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை கிடையாது. அதற்கு மேல் போனால் படிப்படியாக நடவடிக்கை உண்டு. ஆனால் அந்தக் கணக்கை எடுக்கும்போது, உரிய முறையில் மூலம் காட்டிய மேற்கோள்களை விட்டுவிட வேண்டும் என்று அதே விதிமுறை சொல்கிறது. கட்டுரையில் பாதிக்கு மேல் பிறருடைய எழுத்தாக இருந்தாலும், ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் மேற்கோளை விலக்கிப் பார்த்தால் தாள் சுத்தமாகவே வெளியே வரும். மென்பொருள் பார்ப்பது களவு நடந்ததா என்பதை மட்டும். சிந்தனை நடந்ததா என்று பார்க்க வேண்டியவர் ஆசிரியர்.

மாணவர்கள் ஏன் இப்படி எழுதுகிறார்கள்? நம் ஊரில் இதற்குப் பள்ளியிலேயே பயிற்சி தொடங்கிவிடுகிறது. பத்தாம் வகுப்புத் தமிழ்க் கட்டுரைக்கு முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று சட்டகம் போட்டுக் கொடுத்து, இடையிடையே மேற்கோள் எழுதினால் மதிப்பெண் கூடும் என்று சொல்லித் தருகிறோம். குறளோ பாரதியோ இரண்டு வரி வந்துவிட்டால் போதும். அது அங்கே ஏன் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பிள்ளை முதுகலைக்கு வரும்போது இரண்டு வரி இரண்டு பக்கமாகிவிடுகிறது. இதோடு ஒரு தயக்கமும் சேர்ந்துகொள்கிறது. பெரிய பேராசிரியர் ஒருவர் சொன்னதைத் தன் சொல்லில் திருப்பிச் சொன்னால் தப்பாகிவிடுமோ என்ற பயம். அப்படியே எடுத்துப் போட்டால் தப்பு வர வழியில்லை.

இது தமிழ் வகுப்புக்கு மட்டும் உரிய வியாதியும் அல்ல. அமெரிக்காவில் ரெபெக்கா மூர் ஹோவர்ட், சாண்ட்ரா ஜேமிசன் இருவரும் 'சைட்டேஷன் ப்ராஜெக்ட்' என்ற பெயரில் 16 கல்வி நிறுவனங்களைச் சேர்ந்த 174 மாணவர் கட்டுரைகளை அலசினார்கள். மூல நூல்களை மாணவர்கள் எடுத்தாண்ட இடங்களில் சுமார் 6 சதவீதம் மட்டுமே, படித்ததைச் சுருக்கித் தம் சொல்லில் சொன்னவை. எடுத்தாண்டவற்றில் கிட்டத்தட்டப் பாதி, மூலத்தின் முதல் பக்கத்திலிருந்தே வந்தவை. நீண்ட மேற்கோளைப் பார்த்ததும் 'நிறையப் படித்திருக்கிறாள்' என்று முடிவு கட்டும் ஆசிரியர் யோசிக்க வேண்டிய தகவல் இது. ஒரு பத்தியை எடுத்து எழுத, அந்த நூலைப் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

சரி, கண்ணகிக் கட்டுரைக்குத் திரும்புவோம். திருத்துகிறவர் முதலில் செய்யக்கூடியது, ஒரு பென்சிலை எடுத்து மேற்கோள்களைக் கோடிட்டு எண்ணுவது. 11 மேற்கோள்களும் சேர்ந்து 900 சொல் வருகின்றன. மீதி 600. அதில் இளங்கோவடிகள் யார், காப்பியத்தில் எத்தனை காண்டம், 30 காதைகள், உ.வே.சா. 1892-ல் பதிப்பித்தது என்ற அறிமுகத்துக்கு 180 சொல் போய்விட்டது. 'இது குறித்து இன்னார் பின்வருமாறு கூறுகிறார்', 'இக்கருத்தை மேலும் வலியுறுத்தும் வகையில்' என்பன போன்ற இணைப்பு வாக்கியங்களுக்கு 170. முடிவுரை 130. கேட்ட கேள்விக்கு மாணவி தானாகச் சொன்னது ஏறத்தாழ 120 சொல். மொத்தத்தில் எட்டு சதவீதம்.

எண்ணிக்கையை வைத்தே மதிப்பெண் போட்டுவிட முடியாது. அடுத்ததாக, கோடிட்ட பகுதிகளைக் கையால் மூடிவிட்டு மீதியைத் தொடர்ந்து படித்துப் பார்க்க வேண்டும். வாதம் தட்டுத்தடுமாறியாவது நடக்கிறதா? நல்ல கட்டுரையாக இருந்தால், சான்று இல்லையே என்ற குறை தெரியுமே தவிர, எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்பது புரியும். இந்தத் தாளில் மிஞ்சுவது 'கூறுகிறார்', 'குறிப்பிடுகிறார்', 'சுட்டுகிறார்' என்ற வினைமுற்றுகள்தாம். ஒரு திறனாய்வாளர் நீதி என்கிறார். இன்னொருவர் பழிவாங்கல் என்கிறார். இரண்டு பேரும் அடுத்தடுத்த பத்திகளில் நிற்கிறார்கள். அவர்கள் ஒருவரோடொருவர் முரண்படுவதை மாணவி கவனித்ததற்கே அடையாளம் இல்லை.

மூன்றாவது சோதனைதான் நுட்பமானது. ஒவ்வொரு மேற்கோளுக்கும் முந்திய வாக்கியத்தையும் பிந்திய வாக்கியத்தையும் மட்டும் பார்ப்பது. முந்திய வாக்கியம், இதை எதற்குக் காட்டுகிறேன் என்று சொல்ல வேண்டும். பிந்திய வாக்கியம், இதில் எந்தச் சொல்லை, எந்தச் செய்தியைப் பார்க்கச் சொல்கிறேன் என்று காட்ட வேண்டும். இந்த மாணவியின் தாளில் மேற்கோள் முடிந்த கையோடு அடுத்த மேற்கோளுக்கான அறிமுகம் வந்துவிடுகிறது. வஞ்சினமாலைப் பகுதிக்குப் பிறகு வருவது ஒரே வாக்கியம்: 'இதன்மூலம் கண்ணகியின் சினம் வெளிப்படுகிறது.' அதைத் தெரிந்துகொள்ள யாருக்கும் மேற்கோள் தேவையில்லை.

இத்தனைக்கும் கேள்விக்கான விடை அந்தப் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. எரிக்க வந்து நிற்கும் தீக்கடவுள், யார் யாரை விட்டுவிட வேண்டும் என்று கண்ணகியிடம் கேட்கிறான். பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் சேரச் சொல்கிறாள் அவள். கண்மண் தெரியாத கோபத்தில் இருப்பவள் விலக்குப் பட்டியல் போடுவாளா? அதே இடத்தில் தீக்கடவுள் இன்னொன்றும் சொல்கிறான்: உனக்குத் தவறு இழைக்கப்படும் நாளில் இந்த ஊரை எரிக்க வேண்டும் என்ற ஆணை எனக்கு முன்பே இருக்கிறது. அப்படியானால் ஊரை எரித்தது கண்ணகியின் தீர்ப்பா, முன்பே எழுதிவைத்த விதியா? ஒன்று அவள் நிதானத்தோடு செயல்பட்டாள் என்று காட்டுகிறது. மற்றது அவள் பொறுப்பையே கேள்விக்கு உள்ளாக்குகிறது. ஒரு பக்கம் முழுக்க எடுத்து எழுதிய மாணவியின் பேனா இந்த இரண்டு இடங்களையும் கடந்துதான் போயிருக்கிறது. கண்தான் நிற்கவில்லை. விலக்குப் பட்டியலில் இரண்டு அடி, ஆணை பற்றி இரண்டு அடி என்று எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு வாக்கியம் எழுதியிருந்தால் கட்டுரையின் கதையே வேறு.

இனி மதிப்பெண். மொத்தமாக ஒரு எண்ணைப் போடுவதால்தான் 16-க்கும் 7-க்கும் இடையே ஊசலாட்டம் வருகிறது. 20-ஐப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பொருளறிவு 5, பகுப்பாய்வு 8, சான்றுகளைக் கையாளுதல் 4, மொழியும் அமைப்பும் 3 என்று வைத்துக்கொள்வோம். பொருத்தமான நூல்களைத் தேடி எடுத்ததற்குப் பொருளறிவில் 4 தரலாம். பகுப்பாய்வில் 120 சொல்லுக்கு 2-க்கு மேல் நியாயமில்லை. மூலம் காட்டியது முறை, தேர்ந்தெடுத்தது முறையல்ல என்பதால் சான்றுக்கு 2. பிழையற்ற எழுத்துக்கு 2. ஆக 10. மாணவியின் உழைப்புக்கும் இடம் கிடைத்துவிட்டது. எழுதாத பகுப்பாய்வுக்கு மதிப்பெண் போகவும் இல்லை. ஒரே குறைக்கு நான்கு இடத்திலும் வெட்டக் கூடாது என்பதை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

தாளின் ஓரத்தில் என்ன எழுதுவது என்பதும் முக்கியம். 'மேற்கோள்கள் அதிகம்' என்று எழுதினால் மாணவி அடுத்த முறை நாலைந்தை வெட்டிவிட்டு 700 சொல்லில் கட்டுரையைக் கொடுப்பார். இல்லையென்றால் மேற்கோள் குறியை எடுத்துவிட்டு, சொற்களை முன்பின்னாக மாற்றித் தன் எழுத்தாக்கிவிடுவார். முதலில் இல்லாத திருட்டு அப்போதுதான் உள்ளே வரும். அதைவிட, ஒரே ஒரு மேற்கோளைச் சுட்டி, 'இதில் உனக்குத் தேவையான இரண்டு அடி எது? ஏன் அது?' என்று கேட்டு, அந்த ஒரு பத்தியை மட்டும் திருப்பி எழுதி வாங்குவது பலன் தரும்.

நீண்ட மேற்கோளே கூடாது என்பதில்லை. ஒரு பாடலின் ஓசையையோ சொல்லாட்சியையோ அடி அடியாக ஆராய்கிறவர் பாடலை முழுசாகக் கொடுத்தாக வேண்டும். கல்வெட்டு, தீர்ப்பு, கிடைத்தற்கரிய கடிதம் ஆகியவற்றில் மூலத்தின் சொல்லே சான்று. அங்கெல்லாம் பார்க்க வேண்டியது, எடுத்த அளவுக்கு ஈடாக அதைப் பற்றிப் பேசியிருக்கிறாரா என்பது. பத்து அடியை எடுத்து இருபது வரி அலசினால் அது நல்ல கட்டுரை. நம் பழைய உரையாசிரியர்களும் மேற்கோளை அள்ளி அள்ளித் தந்தவர்கள்தாம். ஆனால் எந்தச் சொல்லுக்கு, எந்த விதிக்கு அது எடுத்துக்காட்டு என்பதைச் சொல்லித்தான் தந்தார்கள்.

ஐ.பி. பள்ளிகளில் மாணவர்கள் எழுதும் நீள்கட்டுரைக்கு உச்ச வரம்பு 4,000 சொல். மேற்கோளும் அந்தக் கணக்கில் சேரும். 2018 முதல் நடைமுறைக்கு வந்த வழிகாட்டியில் மொத்தம் 34 மதிப்பெண்ணில் 12 திறனாய்வுச் சிந்தனைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மேற்கோளுக்குச் செலவிடும் ஒவ்வொரு சொல்லும் தன் பங்கிலிருந்து போகிறது என்பது எழுத உட்காரும் முன்பே மாணவருக்குத் தெரிந்துவிடுகிறது. நம் கல்லூரிகளிலும் இதைச் செய்ய எந்த அனுமதியும் வேண்டியதில்லை. பகுப்பாய்வுக்கு எத்தனை மதிப்பெண், மேற்கோள் எத்தனை சொல் வரை போகலாம் என்ற இரண்டு வரியை அசைன்மென்ட் தலைப்புக்குக் கீழே சேர்த்துக் கொடுங்கள். தாளைத் திருத்தும்போது சொல்வதைவிட, கேள்வி கொடுக்கும்போதே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.