இரண்டு நாள் ரெண்டர், ஒரே இரவில்

அனிமேஷன் படிக்கும் ஒரு மாணவி 20 வினாடிக் குறும்படம் ஒன்றை பிளெண்டரில் செய்து முடித்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அடுக்களை மேசைமேல் ஒரு எவர்சில்வர் டம்ளர், பக்கத்தில் மடித்துவைத்த கைத்தறித் துண்டு, ஜன்னல் வழியே வரும் காலை வெயில். கேமரா மெல்ல நகர்கிறது, அவ்வளவுதான் காட்சி. வினாடிக்கு 24 பிரேம் என்றால் மொத்தம் 480 படங்கள். ஒரு பிரேமுக்கு 6 நிமிடம் ஆனால் முழுதும் முடிய 48 மணி நேரம் வேண்டும். படத்தை ஒப்படைக்க வேண்டிய நாளோ நாளை மறுநாள்.

இந்த நேரம் எங்கே போகிறது? பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரர் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளிக்கதிர்களை மறுபடி மறுபடி அனுப்பி, திரும்பக் கிடைக்கும் நிறங்களைச் சராசரி எடுக்கிறது. இந்த முயற்சிகள்தான் சாம்பிள்கள். அவை குறைந்தால் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரியும். புதிதாகத் திறந்த கோப்பில் `Max Samples` 4096 என்று இருக்கும். தெளிவாகிவிட்ட இடங்களில் `Noise Threshold` முன்கூட்டியே நிறுத்திவிடும் என்றாலும், நிழல் மூலைகளில் கணக்கு நீண்டுகொண்டே போகும்.

மாணவர்கள் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. புள்ளிகளைப் பாதியாக்க வேண்டுமானால் சாம்பிளை நான்கு மடங்காக்க வேண்டும். திருப்பிப் பார்த்தால் இதுவே நமக்கு லாபம்: 4096 சாம்பிளை 256 ஆக்கினால் வேலை 16-ல் ஒரு பங்காகக் குறையும், புள்ளிகளோ 4 மடங்குதான் கூடும். அந்த 4 மடங்கைத் துடைக்கத்தான் டீநாய்சர் இருக்கிறது.

`Render` பகுதியில் `Denoise` பெட்டியை டிக் செய்து, `OpenImageDenoise` தேர்ந்தெடுக்கலாம். `Passes` என்ற இடத்தில் `Albedo and Normal` இருக்கட்டும். பொருளின் சொந்த நிறமும் பரப்பு திரும்பியிருக்கும் திசையும் தெரிந்தால்தான், துண்டின் நெசவு எது, வெறும் புள்ளி எது என்று அதனால் பிரித்தறிய முடியும்.

எத்தனை சாம்பிள் போதும் என்பதைக் காட்சிதான் சொல்ல வேண்டும். கேமரா துண்டுக்கு மிக அருகில் வரும் 300-ஆம் பிரேமை மாணவி எடுத்துக்கொள்கிறாள். 64 சாம்பிளில் நெசவு மெழுகுபோல் வழிந்துவிடுகிறது. 128-ல் படம் அழகாகவே இருக்கிறது. ஆனால் அதை நம்பி இரவு முழுக்க ஓடவிடுவது ஆபத்து. டீநாய்சர் ஒவ்வொரு பிரேமையும் தனித்தனியாகத் துடைக்கிறது; முந்தைய பிரேமில் என்ன செய்தோம் என்பது அதற்குத் தெரியாது. அதனால் நிறுத்திப் பார்க்கும்போது சுத்தமாகத் தெரியும் நிழல், ஓடும்போது கொதிப்பதுபோல் நெளியும். அவள் 300 முதல் 323 வரை 24 பிரேம்களை மட்டும் ரெண்டர் செய்து ஓட்டிப் பார்க்கிறாள். மேசைக்கு அடியில் நிழல் நெளிகிறது. 256-க்கு ஏற்றியதும் அடங்கிவிடுகிறது. பிரேமுக்கு ஒரு நிமிடம், மொத்தம் 8 மணி நேரம்.

சுவரும் மேசையும் அசையாத இதுபோன்ற காட்சியில் `Persistent Data` என்ற வசதியும் உதவும். ஒவ்வொரு பிரேமுக்கும் காட்சியை முதலிலிருந்து ஏற்றாமல் நினைவகத்திலேயே வைத்திருக்கும். ரேம் குறைவான கணினியில் இதைத் தொடாமல் விடுவது நல்லது.

இனி, எந்த வடிவத்தில் சேமிப்பது? நேராக எம்.பி.4 வீடியோவாக ரெண்டர் செய்யும் பழக்கம் பலரிடம் உண்டு. விடியற்காலை 3 மணிக்கு மின்சாரம் போனால், பாதியில் நின்ற அந்த வீடியோ பெரும்பாலும் திறக்கவே திறக்காது. அதைத் திறக்கத் தேவையான அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும். பி.என்.ஜி. படங்களாகச் சேமித்தால் அதுவரை முடிந்தவை அப்படியே பத்திரமாக இருக்கும். 310-ஆம் படத்தில் நின்றிருந்தால், அரைகுறையாக எழுதப்பட்டிருக்கக்கூடிய அந்த ஒன்றை மட்டும் அழித்துவிட்டு இப்படித் தொடரலாம்:

```
blender -b padam.blend -s 310 -e 480 -a
```

`-a` கடைசியில்தான் வர வேண்டும். முன்னால் போட்டால் தொடக்க எண்ணைப் படிக்கும் முன்பே ரெண்டர் தொடங்கிவிடும்.

நிறத்தைப் பிறகு பெரிதாகத் திருத்தும் எண்ணம் இருந்தால் ஓப்பன் ஈ.எக்ஸ்.ஆர். நல்லது, இல்லையென்றால் பி.என்.ஜி. தாராளமாகப் போதும். எல்லாம் முடிந்ததும் படங்களை பிளெண்டரின் `Video Sequencer`-இல் வரிசையாக ஏற்றி, எச்.264 முறையில் எம்.பி.4 ஆக்கலாம். வேகம் 24 பிரேம்தானா என்று அங்கே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடைசி வேலையில் ஒளிக்கதிர்க் கணக்கு எதுவும் இல்லாததால் சில நிமிடங்களிலேயே முடிந்துவிடும்.