பத்து நாளும் ஒரு கேஷ் கணக்கும்

"சார், காலையில கணக்கு, ராத்திரி தியரின்னு பிரிச்சு வெச்சிருக்கேன், சரியா?" டிப்ளமோ மாணவர் ஒருவர் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது என்னிடம் கேட்டார். கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன் தாளுக்கு அப்படிப் பிரிப்பதுதான் வழக்கம். இரண்டும் பாதியில் நிற்பதற்குக் காரணமும் அதுதான் என்பது என் எண்ணம். இந்தத் தாளில் கணக்கு ஒரு பாடம், தியரி இன்னொரு பாடம் இல்லை. ஒரு கணக்கை முழுசாகப் போட்டுவிட்டு, ஏன் இப்படி வந்தது என்று எழுதினால் அதுவே தியரி விடை.

அதனால் அவரிடம் நேரத்தைப் பிரிக்கச் சொல்லவில்லை, நோட்டைப் பிரிக்கச் சொன்னேன். இடது பக்கம் கணக்கு. எதிரே வலது பக்கம், அந்தக் கணக்கிலிருந்து கிளம்பும் தியரி விடை. முதல் நாள் நாலைந்து பழைய கேள்வித்தாள்களை எடுத்து, எந்தக் கணக்குக்கு எந்தத் தியரிக் கேள்வி ஜோடி என்று கோடு போட வேண்டும். மீதி நேரத்தில் பைனரி, ஹெக்ஸாடெசிமல், டூஸ் காம்ப்ளிமென்ட் மூன்றையும் கை தடுமாறாத அளவுக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாம் நாள் பூத் பெருக்கல். 7-ஐ -3-ஆல் நாலு பிட்டில் பெருக்கினால் கடைசியில் 11101011 வர வேண்டும், அதாவது -21. நம் மாணவருக்கு 00111011 வந்தது. அது 59. கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வலப்பக்கம் நகர்த்தும்போதெல்லாம் இடது ஓரத்தில் 0 போட்டுக்கொண்டே போயிருக்கிறார். அங்கே ஏற்கெனவே இருந்த குறி பிட்டையே திரும்பப் போட வேண்டும். நேர் எண்ணும் எதிர் எண்ணும் பெருக்கி விடை 0-வில் தொடங்கினால், மேலே போகாமல் ஷிஃப்டைத் திரும்பப் பார்க்கலாம். 'அரித்மெடிக் ஷிஃப்ட், லாஜிகல் ஷிஃப்ட் வேறுபாடு' என்ற கேள்விக்கு இந்தத் தப்பையே உதாரணமாக வலது பக்கத்தில் எழுதச் சொன்னேன்.

மூன்றாம் நாள் ஃப்ளோட்டிங் பாயின்ட். 32 பிட் வடிவத்தில் அடுக்கோடு 127 கூட்ட மறக்காமல் இருந்தால் அரை நாளில் முடிந்துவிடும். நான்காம் நாள் அட்ரஸிங் மோடுகள். இதில் ஒரே ஒரு பள்ளம்தான். 300-ல் இரண்டு வேர்ட் நீள இன்ஸ்ட்ரக்ஷன் இருக்கிறது, ரிலேடிவ் மோட், தூரம் 50 என்றால் பலரும் 350 என்று எழுதுகிறார்கள். இன்ஸ்ட்ரக்ஷனை எடுத்து முடிக்கும்போதே புரோகிராம் கவுன்ட்டர் 302-க்குப் போயிருக்கும். விடை 352.

ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் கேஷ் மெமரிக்கு மட்டும். ஒரே தலைப்புக்கு இரண்டு நாளா என்று அவர் முகம் சுளித்தார். ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினேன்.

மெயின் மெமரி 64 கிலோபைட், கேஷ் 2 கிலோபைட், பிளாக் 16 பைட். ஒவ்வொரு பைட்டுக்கும் தனி முகவரி. 64 கிலோபைட் என்றால் 2^16, ஆக முகவரிக்கு 16 பிட். பிளாக்குக்குள் எந்த பைட் என்று சொல்ல 4 பிட் போதும், அது ஆஃப்செட். கேஷில் 2048-ஐ 16-ஆல் வகுத்தால் 128 லைன், அதற்கு 7 பிட். மீதி 5 பிட் டேக். 5, 7, 4 கூட்டினால் 16 வருகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போக வேண்டும். வரவில்லை என்றால் பெரும்பாலும் பைட்டையும் வேர்டையும் குழப்பியிருப்போம். 64 கிலோ வேர்ட், ஒரு வேர்டுக்கு 4 பைட், முகவரி பைட்டுக்கு என்று கேள்வி இருந்தால் முகவரி 18 பிட்டாகிவிடும். கேள்வியில் அந்த ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

பெரும்பாலோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு நிஜ முகவரியைப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். A43C-ஐ எடுத்துக்கொள்வோம்.

```
A43C = 10100 | 1000011 | 1100
AC3C = 10101 | 1000011 | 1100
```

முதல் முகவரி லைன் 67-க்குப் போகிறது, டேக் 20. இரண்டாவதும் லைன் 67-க்கேதான், டேக் மட்டும் 21. இரண்டுக்கும் இடைவெளி சரியாக 2 கிலோபைட், அதாவது கேஷின் மொத்த அளவு. புரோகிராம் இந்த இரண்டையும் மாறி மாறிக் கேட்டால் ஒன்று வரும்போதெல்லாம் மற்றது வெளியேறும். 127 லைன் காலியாகக் கிடந்தாலும் எல்லாம் மிஸ்தான்.

இதே கேஷை டூ-வே செட் அசோசியேட்டிவாக மாற்றுவோம். 64 செட், ஆக செட்டுக்கு 6 பிட், டேக்குக்கு 6 பிட். கணக்கிட்டால் இரண்டு முகவரியும் செட் 3-ல் விழுகின்றன. ஆனால் அங்கே இரண்டு இடம் உண்டு, இரண்டும் தங்கிவிடும். மூன்றாவதாக B43C வந்தால்? அதுவும் செட் 3. இப்போது யாரை வெளியேற்றுவது என்ற கேள்வி வருகிறது. ரீப்ளேஸ்மென்ட் பாலிசி என்ற பாடம் தொடங்குவது அங்கேதான். எந்த லைனிலும் உட்காரலாம் என்று விட்டால் செட் பிட்டே வேண்டாம், டேக் 12 பிட். ஆனால் 128 டேக்கையும் ஒரே நேரத்தில் ஒப்பிடும் சர்க்யூட் வேண்டும், அதற்குச் செலவாகும்.

கடைசி இரண்டு பத்தியையும் வலது பக்கத்தில் அப்படியே எழுதி மூன்று படம் போட்டால், 'மேப்பிங் முறைகளை விளக்குக' என்ற பெரிய கேள்விக்கு விடை தயார். மனப்பாடம் செய்த விடையில் 'கான்ஃப்ளிக்ட் மிஸ்' என்று ஒரு சொல் இருக்கும். இதில் அந்த மிஸ் நடக்கும் லைன் எண்ணே இருக்கும்.

ஏழாம் நாள் கன்ட்ரோல் யூனிட். கணக்கே இல்லாத ஒரே நாள். ஆனாலும் இடது பக்கத்தைக் காலியாக விட வேண்டாம், ஃபெட்ச் வரிசையை எழுதலாம்:

```
MAR ← PC
MDR ← M[MAR], PC ← PC + 1
IR ← MDR
```

இந்த மூன்று வரியில் எந்த சிக்னல் எப்போது எழ வேண்டும் என்று யோசித்தால், அதை கேட்டுகளால் உருவாக்குவது ஹார்ட்வயர்ட், மெமரியில் எழுதி வைத்து எடுப்பது மைக்ரோபுரோகிராம்ட். எட்டாம் நாள் இன்டரப்ட், டிஎம்ஏ, பைப்லைன். டிஎம்ஏ படத்தில் அம்புக்குறி எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பார்த்து வரையாமல் நினைவிலிருந்து வரைய வேண்டும். பைப்லைனில் k கட்டம், n இன்ஸ்ட்ரக்ஷன் என்றால் k + n - 1 சுற்று. 5 கட்டத்தில் 100 இன்ஸ்ட்ரக்ஷனுக்கு 104. ஐந்து மடங்கு வேகம் ஏன் முழுசாகக் கிடைப்பதில்லை என்பதற்கு முதல் காரணம் அந்தக் கூடுதல் நான்கு. ஹஸார்டுகள் அடுத்த காரணம்.

ஒன்பதாம் நாள் கடிகாரம் வைத்து ஒரு முழுத் தாள். கணக்கை முதலில் போடுவதா, தியரியையா என்பது அவரவர் கை வேகம். ஆனால் சிக்கிய கணக்கில் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தால், பாதி பக்கத்தை விட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். படிகளுக்கு மதிப்பெண் உண்டு.

பத்தாம் நாள் புதிதாக எதையும் திறக்கச் சொல்லவில்லை. நோட்டில் சிவப்பு மையால் திருத்திய இடங்களை மட்டும் பார்த்து, அந்தக் கணக்குகளை வெள்ளைத் தாளில் திரும்பப் போடச் சொன்னேன். மறுநாள் காலை ஹாலுக்கு வெளியே நின்றிருந்தார். உள்ளங்கையளவு தாளில் மூன்று வரிதான் எழுதியிருந்தார்: குறி பிட்டைத் திரும்பப் போடு, 350 இல்லை 352, பைட்டா வேர்டா.