ஒரே அடையாள எண்ணில் எட்டு கம்ப்யூட்டர்கள்

நேற்று மாலை வரை பில் அச்சடித்துக் கொடுத்த பிரிண்டர், இன்று காலை பாஸ்வேர்டு கேட்கிறது. சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் தவறு என்கிறது, அல்லது அனுமதி இல்லை என்று கதவைச் சாத்துகிறது. இரவோடு இரவாக விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட் ஏறியிருக்கிறது. 2025 செப்டம்பருக்குப் பிறகு பல அலுவலகங்கள் இந்தச் சிக்கலைச் சந்தித்தன. காரணம் பெரும்பாலும் பிரிண்டரில் தேடப்படுகிறது. ஆனால் அது, அந்தக் கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் முதன்முதலில் ஏற்றப்பட்ட விதத்தில் இருக்கலாம்.

ஓர் ஆடிட்டர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். எட்டு கம்ப்யூட்டர்கள், எல்லாவற்றிலும் விண்டோஸ் 11, 24ஹெச்2 பதிப்பு. முன்மேசைக் கம்ப்யூட்டரில் யுஎஸ்பி கேபிளில் ஒரு லேசர் பிரிண்டர். அதை ஷேர் செய்து மற்ற ஏழு பேரும் பயன்படுத்துகிறார்கள். கம்ப்யூட்டர்களை அமைத்துக் கொடுத்தவர் ஒன்றில் மட்டும் விண்டோஸ், டேலி, தமிழ் எழுத்துருக்கள் எல்லாவற்றையும் ஏற்றி, அந்த டிஸ்க்கை அப்படியே மற்ற ஏழுக்கும் குளோன் செய்துவிட்டார். பிறகு ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பெயர் வைத்தார். வேலை ஒரே நாளில் முடிந்தது.

பெயர் மாறியதே தவிர, உள்ளே இருந்த அடையாள எண் மாறவில்லை. விண்டோஸ் நிறுவப்படும்போது ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் எஸ்ஐடி என்ற நீண்ட எண்ணை உருவாக்கிக்கொள்கிறது. குளோன் செய்தால் அந்த எண்ணும் சேர்ந்தே நகலாகும். நம்பர் பிளேட் மட்டும் வேறாக, ஒரே சேசிஸ் எண்ணில் எட்டு வண்டிகள் ஓடுவது போலத்தான் இது.

இத்தனை ஆண்டுகளாக இது யாரையும் உறுத்தவில்லை. 2009இல் மைக்ரோசாஃப்டின் மார்க் ருசினோவிச், எஸ்ஐடி ஒன்றாக இருப்பதால் நடைமுறையில் கெடுதல் இல்லை என்று எழுதி, அதை மாற்றுவதற்கென்றே தான் உருவாக்கிய நியூஎஸ்ஐடி என்ற கருவியையும் விலக்கிக்கொண்டார். அப்போதும் மைக்ரோசாஃப்டின் அதிகாரபூர்வ விதி, குளோன் செய்யுமுன் சிஸ்பிரெப் என்ற கருவியை ஓட்ட வேண்டும் என்பதுதான். விதியை மீறியவர்களுக்கு எந்தத் தொல்லையும் வராததால் பழக்கம் நிலைத்துவிட்டது.

2025 ஆகஸ்ட் 29 அன்று வந்த அப்டேட்டும், செப்டம்பர் 9 அன்று வந்த KB5065426 என்ற பாதுகாப்பு அப்டேட்டும் நிலைமையை மாற்றின. விண்டோஸ் 11இன் 24ஹெச்2, 25ஹெச்2 பதிப்புகளும் விண்டோஸ் சர்வர் 2025உம், தொடர்பு கொள்ளும் கம்ப்யூட்டரின் எஸ்ஐடியையும் சரிபார்க்கத் தொடங்கின. நம் அலுவலகத்தில் இரண்டாம் மேசையிலிருந்து அச்சடிக்கக் கோரிக்கை போகிறது. முன்மேசைக் கம்ப்யூட்டரின் கணக்கில் அதிலுள்ள அடையாளம் தன்னுடையது. ஆனால் தான் இப்போது இயங்கிக்கொண்டிருக்கும் அமர்வைச் சேர்ந்ததல்ல. யாரோ பழைய சான்றைத் திருத்தி அனுப்புகிறார்கள் என்று சந்தேகித்து மறுத்துவிடுகிறது. பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் பயனில்லாமல் போவது இதனால்தான்.

இதுதான் காரணம் என்று உறுதிசெய்ய இரண்டு சோதனைகள் போதும். முன்மேசைக் கம்ப்யூட்டரில் Event Viewer திறந்து, Windows Logs, அதற்குள் System என்று போனால், LsaSrv என்ற பெயரில் 6167 என்ற எண்ணுள்ள பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். அதில் இந்த வாசகம் இருக்கும்: There is a partial mismatch in the machine ID. அடுத்து, இரண்டு கம்ப்யூட்டர்களிலும் பவர்ஷெல் திறந்து இந்தக் கட்டளையைக் கொடுங்கள்:

```
Get-LocalUser | Select-Object Name, SID
```

வரும் பட்டியலில் Administrator என்ற வரியைப் பாருங்கள். S-1-5-21 என்று தொடங்கி, மூன்று நீண்ட எண்களைத் தாண்டி, 500 என்று முடியும். 500 எல்லாக் கம்ப்யூட்டரிலும் வரும், அதை விட்டுவிடலாம். நடுவிலுள்ள மூன்று எண்களும் இரண்டிலும் ஒன்றாக இருந்தால், இரண்டும் ஒரே டிஸ்க்கின் நகல்கள். இன்னொரு அடையாளமும் உண்டு. தனியாக வாங்கிய ஒரு லேப்டாப்பிலிருந்து அச்சு வந்து, குளோன் செய்த ஏழிலிருந்தும் வரவில்லை என்றால் சந்தேகம் வலுக்கிறது.

எல்லா பிரிண்டர் மறுப்பும் இந்த ரகமல்ல. திரையில் 0x0000011b என்று வந்தால், அது 2021 செப்டம்பரில் பிரிண்டர் தொடர்புக்கு வந்த வேறொரு பாதுகாப்பு மாற்றம். பாஸ்வேர்டே இல்லாமல் விருந்தினராக நுழைவதைத் தடுக்கிறோம் என்ற செய்தி வந்தால், அது 24ஹெச்2 பதிப்பின் புதிய கட்டுப்பாடு. அங்கே முறையான கணக்கும் பாஸ்வேர்டும் அமைத்தால் தீரும். ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் நோய் தீராது, பாதுகாப்பு மட்டும் குறையும்.

எஸ்ஐடிதான் காரணம் என்றால், சேமித்த பாஸ்வேர்டுகளை அழிப்பது, ஃபயர்வாலை அணைப்பது, பெயருக்குப் பதில் ஐபி முகவரி கொடுப்பது எதுவும் உதவாது. அப்டேட்டை நீக்கினால் அச்சு வரும். ஆனால் அதோடு வந்த மற்றப் பாதுகாப்புத் திருத்தங்களும் போய்விடும். அடுத்த மாத அப்டேட் முந்தையவற்றையும் உள்ளடக்கியே வருவதால், அதை ஏற்றியதும் மறுப்பு திரும்பும். நிறுவனங்களுக்காக மைக்ரோசாஃப்ட் தன் உதவிப் பிரிவு வழியே ஒரு தற்காலிகக் கொள்கை அமைப்பைத் தருகிறது. அது அவகாசம் மட்டுமே.

அன்றைய வேலை நிற்காமலிருக்க ஒரு வழி இருக்கிறது. பிரிண்டரில் நெட்வொர்க் கேபிள் துளையோ வைஃபையோ இருந்தால், அதை நேராக ரவுட்டரில் இணைத்து, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அதன் ஐபி முகவரியைக் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். அச்சு முன்மேசை வழியாகப் போகாததால் இந்தச் சோதனையே குறுக்கிடாது.

நிலையான தீர்வு, நகல்களில் விண்டோஸை முறையாக மீண்டும் நிறுவுவது. எட்டையும் ஒரே நாளில் பிரிக்க வேண்டியதில்லை. முதலில் முன்மேசையில் மட்டும், தரவுகளை வேறிடத்தில் எடுத்துவைத்துவிட்டுப் புதிதாக நிறுவினால், அதற்குத் தனி எஸ்ஐடி கிடைக்கும். மற்ற ஏழும் அதோடு பேசத் தொடங்கும். ஆனால் அந்த ஏழும் தங்களுக்குள் ஃபோல்டர்களைப் பகிர்ந்தால் அங்கே சிக்கல் நீடிக்கும். ஆகவே அவற்றில் ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றையும் ஒவ்வொன்றாகப் புதுப்பிக்க வேண்டும்.

குளோன் செய்வதே தவறல்ல. மாதிரிக் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஏற்றி முடித்ததும், நகல் எடுக்குமுன் இந்தக் கட்டளையை ஓட்ட வேண்டும்:

```
C:\Windows\System32\Sysprep\sysprep.exe /generalize /oobe /shutdown
```

இது அடையாளத்தை அழித்துக் கம்ப்யூட்டரை அணைத்துவிடும். அதை மறுபடி இயக்காமல் அப்படியே நகல் எடுக்க வேண்டும். ஒவ்வொரு நகலும் முதன்முறை இயங்கும்போது தனக்கென ஓர் எண்ணை உருவாக்கிக்கொள்ளும். வேலை செய்துகொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் மட்டும் இதை அவசரப்பட்டு ஓட்டாதீர்கள். அமைப்புகள் கலையும், மென்பொருள் உரிமங்கள் மறுபடி கேட்கப்படலாம்.

விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்ததால், பல அலுவலகங்கள் மொத்தமாக விண்டோஸ் 11க்கு மாறிவருகின்றன. மொத்தமாக மாற்றும்போதுதான் குளோன் செய்யும் ஆசை வரும். வேலையை ஒப்படைக்க வருபவரிடம் இரண்டு கம்ப்யூட்டர்களில் அந்த பவர்ஷெல் கட்டளையை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நடுவிலுள்ள மூன்று எண்களும் வேறு வேறாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.