மணிலா லோடு: முதலில் நிறைவது இடமா, எடையா?

திண்டிவனம், சேத்துப்பட்டு பக்கத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் நிலக்கடலைப் பருப்பை 80 கிலோ மூட்டையாகத்தான் பேசுவார்கள். அதே சாக்கில் தோல் உரிக்காத காயை அமுக்கி நிரப்பினாலும் 40 கிலோ கொள்வதே பெரும்பாடு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு மூட்டைகளும் ஒரே பருமன். லாரிக்கோ அவை இரண்டும் முற்றிலும் வேறான சரக்குகள்.

லாரிக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று ஆர்.சி. புத்தகத்திலேயே இருக்கிறது. வண்டியும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு எடை போகலாம், வெறும் வண்டியின் எடை எவ்வளவு என்று இரண்டு எண்கள் அதில் இருக்கும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் ஏற்றக்கூடிய பாரம் வந்துவிடும். மற்றது இடம். தளத்தின் நீள அகலமும், அனுமதித்த உயரத்துக்குள் எத்தனை அடி அடுக்கலாம் என்பதும் சேர்ந்தது அது.

ஒரு பத்துச் சக்கர லாரியை எடுத்துக்கொள்வோம். மொத்த எடை 28 டன்னுக்குப் பதிவானது, வெறும் வண்டி 10 டன். அப்படியானால் பாரம் 18 டன். தளம் 24 அடி நீளம், ஏழரை அடி அகலம், அடுக்க 8 அடி உயரம். பெருக்கினால் 1,440 கன அடி.

இங்கே ஒரு எச்சரிக்கை. சாக்குக்குள் இருக்கும் சரக்கின் கன அளவை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. மூட்டை உருண்டையானது, அடுக்கும்போது இடையில் சந்து விழும். பத்து மூட்டைகளைத் தரையில் அடுக்கி, அந்த அடுக்கை அளந்து பத்தால் வகுப்பதே சரியான வழி. அப்படி அளந்ததில் மூட்டைக்கு 5 கன அடி வருகிறது என்று கொள்வோம். லாரியில் 288 மூட்டைகள் பிடிக்கும்.

இப்போது 18,000 கிலோவை 288-ஆல் வகுத்தால் அறுபத்திரண்டரை கிலோ கிடைக்கும். இந்த லாரிக்கும் இந்தச் சாக்குக்கும் எல்லைக்கோடு அதுதான். மூட்டை அதைவிடக் கனமென்றால் எடை முதலில் முட்டும், இலேசென்றால் இடம் முதலில் தீரும். பருப்பு 225 மூட்டை ஏறியதுமே 18 டன் ஆகிவிடுகிறது. தளத்தின் மேல் இன்னும் 63 மூட்டைக்கு இடம் காலியாகத் தெரியும். அதை நிரப்பினால் 5 டன் அதிக பாரம். காயோ 288 மூட்டையும் ஏறி, தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டிய பிறகும் பதினொன்றரை டன்தான்.

மீதி ஆறரை டன்னுக்கும் சேர்த்துத்தான் வாடகை. லாரிக்கு இவ்வளவு என்று பேசி, பேச்சுக்கு அது 18,000 ரூபாய் என்றால், பருப்புக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் விழும். காய்க்கு 1,560-ஐத் தாண்டும். காயில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்குதான் பருப்பு என்பதால், அந்தப் பதினொன்றரை டன்னுக்குள் இருப்பது 8 டன் பருப்பே. மீதி வெறும் தோல். செக்குக்கும் எண்ணெய் ஆலைக்கும் போகிற சரக்கை, உரிக்க வசதி இருக்கும்போது, காயாகவே தொலைதூரம் அனுப்புவது வீண் செலவு என்பேன். விதைக்கடலை வேறு. தோல் இருந்தால்தான் பருப்பு உடையாமலும் முளைப்புத் திறன் குறையாமலும் இருக்கும். அதற்காக அந்த வாடகையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இடம் முதலில் தீர்கிற சரக்கில்தான் ஆசை ஆபத்தாகிறது. எடை மேடையில் டன் கணக்கில் மிச்சம் காட்டுவதால், மேலே இரண்டு வரிசை, பக்கவாட்டில் ஒரு பிதுக்கம் என்று ஏற்றிவிடுகிறார்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, அதிக எடைக்கு 20,000 ரூபாயும் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் சொல்கிறது. சரக்கு பக்கங்களில் பிதுங்கினாலோ உயரம் மிஞ்சினாலோ, எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதற்கும் 20,000 ரூபாய்தான். அபராதத்தை விட முக்கியமானது வண்டியின் நிலை. உயரமான பாரம் திருப்பத்தில் வெளிப்பக்கம் சாய்க்கும். வழியில் குலுங்கிக் குலுங்கிக் காய் படிந்து மூட்டைகள் தளர, கயிறும் தொய்ந்துவிடும். புறப்பட்டுச் சிறிது தூரம் போனதும் வண்டியை நிறுத்திக் கயிற்றை இழுத்துப் பார்க்கிற ஓட்டுநர் தொழில் தெரிந்தவர்.

ஒரே ஊருக்கு இரண்டு சரக்கும் போவதாக இருந்தால் இரண்டு எல்லையையும் ஒருசேரத் தொடலாம். பருப்பு 162 மூட்டை, காய் 126 மூட்டை. எண்ணிக்கை 288, எடை சரியாக 18 டன். கனமான பருப்பைத் தளம் முழுக்கப் பரப்பி அடியில் போட வேண்டும், காய் மேலே வர வேண்டும். பாரம் தாழ்ந்து நிற்கும், காயும் நசுங்காது. ஆனால் ஈரக் காய் வந்தால் இந்தக் கணக்கு நிற்காது. மூட்டையின் பருமன் மாறாமலே எடை கூடிவிடும் என்பதால், அன்றைக்கு வந்த காயில் சில மூட்டைகளை நிறுத்துப் பார்த்த பிறகே 162, 126 என்ற பங்கை முடிவு செய்ய வேண்டும்.