பயிற்சி முடித்தவருக்கு ஒரு பரிந்துரைக் கடிதம்

பயிற்சி முடித்துப் போகும் மாணவிக்கு "கடின உழைப்பாளி, நல்ல பழக்கம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், அது யாருக்கும் பொருந்தும், அவரைக் காட்டாது.

ஓர் ஆடிட்டர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். கடைக்காரரின் கொள்முதல் பதிவேட்டை ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையோடு ஒப்பிடுவது அவர் வேலை. கடிதத்தில் இப்படி எழுதலாம்: "முதல் மாதம் பொருந்தாத பில்களைக் குறித்து எங்களிடம் கொண்டுவந்தார். மூன்றாம் மாதம், விற்றவர் ரிட்டர்ன் தாக்கல் செய்யவில்லையா, பில் எண் தவறா என்று காரணத்தைப் பிரித்து, அவர்களிடம் தாமே பேசிச் சரிசெய்தார்." வளர்ச்சி என்ற சொல் இல்லாமலே வளர்ச்சி தெரிகிறது.

பயிற்சிக் காலம், மேற்பார்வையாளர் பதவி, தொலைபேசி எண் ஆகியவற்றுக்கு ஒரு வரி போதும். அவர் தொடாத வருமான வரிக் கணக்கைத் தயவுசெய்து சேர்க்காதீர்கள். நேர்முகத் தேர்வில் அதைப் பற்றிக் கேட்டால் திணறப்போவது அவர்தான்.