ஒன்று நோட்டு, மற்றது சொத்து

சென்னை முதலீட்டாளர் ஒருவர் 2024 ஜனவரியில் வஸிர்எக்ஸ் என்ற கிரிப்டோ சந்தையில் 1,98,516 ரூபாய் போட்டு 3,532.30 எக்ஸ்ஆர்பி நாணயங்களை வாங்கினார். அதே ஆண்டு ஜூலையில் ஹேக்கர்கள் அந்தச் சந்தையின் பெட்டகத்தை உடைத்து, சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்களை அள்ளிச் சென்றார்கள். திருடுபோனவை எத்தேரியம் வலையில் இயங்கும் நாணயங்கள். எக்ஸ்ஆர்பி அந்த வகையைச் சேர்ந்ததே அல்ல. இருந்தும் அவருடைய கணக்கும் முடங்கியது. நட்டத்தை எல்லா வாடிக்கையாளர்களும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்றது நிறுவனம்.

அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2025 அக்டோபரில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் அளித்த உத்தரவு அவருக்குச் சாதகமாக அமைந்தது. கிரிப்டோ நாணயம் பணமல்ல, ஆனால் அது ஒரு சொத்து என்றது அந்த உத்தரவு. ஒருவர் அதை உரிமையாக வைத்துக்கொள்ளலாம், இன்னொருவர் பொறுப்பில் ஒப்படைத்தும் வைக்கலாம்.

இனி அதே முதலீட்டாளரின் செல்போனில் ஸ்டேட் வங்கியின் இ-ரூபாய் ஆப்பும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் இருக்கும் 500 ரூபாய் சட்டத்தின் கண்ணில் சொத்து வகையறா அல்ல, அசல் ரூபாய் நோட்டு. 2022-இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, நோட்டு என்றால் டிஜிட்டல் வடிவில் வெளியிடப்படும் நோட்டும் சேர்த்துதான் என்று எழுதிவிட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று மும்பை, டெல்லி, பெங்களூரு, புவனேஸ்வர் ஆகிய நான்கு நகரங்களில் பொதுமக்களுக்கான சோதனை ஓட்டம் தொடங்கியது. இரண்டுமே செல்போன் திரையில் எண்களாகத் தெரிகின்றன, வாங்குவதும் அனுப்புவதும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். அதனாலேயே "அரசாங்கமே கிரிப்டோ விடுகிறது" என்ற பேச்சு கிளம்பியது. ஆனால் பிரச்சினை என்று வந்தால் யாரிடம் போய் நிற்பது என்று பார்த்தால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பிட்காயினிலிருந்து தொடங்கலாம். 2009 ஜனவரி 3 அன்று முதல் பிளாக் உருவானது. மொத்தம் 2 கோடியே 10 லட்சம் பிட்காயினுக்கு மேல் வராது என்பது நிரலிலேயே இருக்கிறது. ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் சேரும். அதைச் சேர்த்தவருக்குப் புதிய நாணயங்கள் கூலியாகக் கிடைக்கும், அந்தக் கூலி சுமார் நான்காண்டுக்கு ஒருமுறை பாதியாகும். 2024 ஏப்ரல் முதல் அது 3.125 பிட்காயின். விலைவாசி ஏறுகிறது, தேர்தல் வருகிறது, யுத்தம் மூள்கிறது என்று எந்தக் காரணத்துக்காகவும் யாரும் கூடுதலாக அச்சடிக்க முடியாது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகள் அதே விதியைத் தனித்தனியாகச் சரிபார்ப்பதால், மீறி வருவதை மற்றவை தள்ளிவிடும். இதன் மறுபக்கம், முறையிட அங்கே ஆளில்லை. ரகசியச் சாவியைத் தொலைத்தால் நாணயம் போனது போனதுதான். தவறான முகவரிக்கு அனுப்பினாலும் அதே கதி.

எல்லா கிரிப்டோவும் இப்படி எஜமானன் இல்லாதது என்று நினைப்பது பாதி உண்மை. நம் சென்னைக்காரர் வாங்கிய எக்ஸ்ஆர்பியில் 10,000 கோடி நாணயங்களும் தொடக்கத்திலேயே உருவாக்கப்பட்டு, அதில் 8,000 கோடி ரிப்பிள் நிறுவனத்துக்குத் தரப்பட்டது. ஒரு டாலருக்கு ஒரு நாணயம் என்ற கணக்கில் ஓடும் டெதர் இன்னும் ஒரு படி மேல். போலீஸ் கேட்டால் அந்த நிறுவனம் ஒரு முகவரியில் இருக்கும் நாணயங்களை முடக்க முடியும், முடக்கியும் இருக்கிறது. அங்கே கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. அது ஒரு கம்பெனியின் கையில் இருக்கிறது, நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லவேண்டிய அமைப்பின் கையில் இல்லை. சந்தைகள் விஷயமும் அப்படித்தான். வஸிர்எக்ஸ் வாடிக்கையாளர்களிடம் சாவி இருந்ததே இல்லை. அவர்கள் கையில் இருந்தது அந்தச் சந்தை தந்த வாக்கு மட்டும்.

இ-ரூபாயை உருவாக்குவது ரிசர்வ் வங்கி மட்டும். அது வங்கிகளுக்குத் தருகிறது, வங்கிகள் வாடிக்கையாளரின் வாலெட்டுக்குத் தருகின்றன. 500, 200, 100 என்று நோட்டுகளின் அதே மதிப்பில்தான் டோக்கன்கள் வருகின்றன. ஐம்பது பைசா வரை உண்டு, திரையில் நோட்டின் படமும் தெரியும். பையில் இருக்கும் நோட்டைப் போல இதற்கும் வட்டி கிடையாது. அது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. வட்டி கொடுத்தால் மக்கள் சேமிப்புக் கணக்கைக் காலி செய்துவிட்டு இதற்கு வந்துவிடுவார்கள், வங்கிகளுக்குக் கடன் கொடுக்கப் பணமிருக்காது.

இங்கே எல்லோரும் கேட்பது, "ஜிபே இருக்கும்போது இது எதுக்கு?" நியாயமான கேள்வி. டீக்கடையில் அதே க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து இ-ரூபாயிலும் கொடுக்கலாம் என்பதால், கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் வித்தியாசமே தெரியாது. வித்தியாசம் பணம் யாருடைய கடன் என்பதில் இருக்கிறது. யுபிஐயில் நகர்வது வங்கிக் கணக்கில் இருக்கும் தொகை, அதாவது அந்த வங்கி உங்களுக்குத் தரவேண்டிய கடன். 2020 மார்ச் 5 அன்று யெஸ் வங்கிக்குத் தடைக்காலம் அறிவிக்கப்பட்டபோது, ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றானது. அந்த வங்கியை நம்பி ஓடிய போன்பே அன்றிரவே நின்றது. பீரோவில் ரொக்கம் வைத்திருந்தவருக்கு அந்தத் தடை பொருந்தவில்லை, ஏனென்றால் நோட்டு ரிசர்வ் வங்கியின் கடன். இ-ரூபாயும் அந்த வரிசைதான். வங்கி திவாலானாலும் அந்த டோக்கன் வங்கியின் சொத்துக் கணக்கில் சேராது. (ஆப்பை நடத்துவது வங்கி என்பதால், அது முடங்கும் நாளில் கையில் எடுத்துச் செலவழிப்பது எப்படி என்ற சிக்கல் தனி.)

அந்தரங்கம் என்று வந்தால்தான் பெரும்பாலோர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். பிட்காயின் ரகசியமானது, அரசாங்க நாணயம் வேவு பார்ப்பது என்பது பொது நம்பிக்கை. உண்மையில் பிட்காயினின் பேரேடு கோயில் சுவரில் உபயதாரர் பட்டியலை எழுதிவைத்தது மாதிரி. யாரும் படிக்கலாம், ஒரு வரியைக்கூட அழிக்க முடியாது. பெயருக்குப் பதில் நீளமான ஓர் எழுத்துக் கோவை இருக்கும், அவ்வளவுதான். அந்தக் கோவை யாருடையது என்று ஒரே ஒருமுறை வெளிப்பட்டால், அவர் முன்பு செய்ததும் இனிச் செய்யப்போவதும் எல்லாம் வரிசையாக வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

பிட்ஃபைனெக்ஸ் திருட்டு இதற்கு நல்ல உதாரணம். 2016 ஆகஸ்டில் ஹாங்காங்கைச் சேர்ந்த அந்தச் சந்தையிலிருந்து 1,19,754 பிட்காயின்கள் திருடப்பட்டன. பெரும்பகுதி ஐந்தாண்டுக்கும் மேலாக ஒரே வாலெட்டில் அசையாமல் கிடந்தது. அது எங்கே இருக்கிறது என்று உலகத்துக்கே தெரியும், யாருடையது என்று மட்டும் தெரியாது. திருடியவர் கொஞ்சம் கொஞ்சமாகத் துண்டு போட்டு, இருண்ட வலையின் சந்தை ஒன்றின் வழியாகவும், வேறு நாணயங்களாக மாற்றியும் தடத்தைக் குலைக்கப் பார்த்தார். ஆனால் பணத்தைச் செலவழிக்க வேண்டுமானால் பெயர் கேட்கும் ஒரு வாசலைத் தாண்டியாக வேண்டும். சில துண்டுகள் நிஜப் பெயரில் திறந்த கணக்குகளுக்கு வந்து சேர்ந்தன. அந்தப் பெயர்களைப் பிடித்து, வாரண்டோடு இணையச் சேமிப்பகத்தைத் திறந்த அமெரிக்க அதிகாரிகளுக்குச் சாவிகளின் பட்டியலே கிடைத்தது. 2022-இல் சுமார் 94,000 பிட்காயின்களைக் கைப்பற்றினார்கள். பேரேட்டின் ஞாபகம் ஆறு ஆண்டு காத்திருந்தது. இந்தியாவிலும் அந்த வாசலில் பெயர் எழுதித்தான் நுழைய வேண்டும். 2023 மார்ச் முதல் கிரிப்டோ சந்தைகள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன.

இ-ரூபாயில் இதற்கு நேர்மாறு. அக்கம்பக்கத்தில் யாருக்கும் பேரேடு தெரியாது. ஆனால் வாலெட் உங்கள் செல்போன் எண்ணோடும் வங்கிக் கணக்கோடும் கட்டப்பட்டிருப்பதால், வங்கிக்கு நீங்கள் யாரென்று முதல் நாளே தெரியும். சிறு தொகைகளுக்கு ரொக்கம் போன்ற மறைவு, பெருந்தொகைகளுக்குத் தடம் என்பதுதான் ரிசர்வ் வங்கி 2022 அக்டோபரில் வெளியிட்ட கருத்துக் குறிப்பின் போக்கு. பிறகு, பரிவர்த்தனை விவரங்களை நிரந்தரமாக அழிப்பதன் மூலமோ சட்டத்தின் மூலமோ மறைவைக் கொண்டுவரலாம் என்று அன்றைய ஆளுநர் சக்திகாந்த தாஸ் பேசினார். கவனிக்க வேண்டியது இதுதான். ரொக்கத்தில் மறைவு அந்தக் காகிதத்தின் இயல்பு, யாரும் தந்ததல்ல. இ-ரூபாயில் அது ஒருவர் தரும் சலுகை, தந்தவரால் எடுக்கவும் முடியும். என்னைக் கேட்டால், அழிப்போம் என்ற வாக்கைவிட, முதலிலேயே எதைச் சேகரிக்கக் கூடாது என்று சொல்லும் சட்டம்தான் வேண்டும்.

நோக்கத்தைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. பிட்காயின் வங்கியை இடையில் வைக்காமல் பணம் அனுப்புவதற்காகப் பிறந்தது, இன்று பெரும்பாலும் விலை ஏறும் என்று வாங்கி வைக்கப்படுகிறது. நம் வருமான வரிச் சட்டமும் அப்படித்தான் அதை நடத்துகிறது. லாபத்தில் 30 சதவீதம் வரி, ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. இ-ரூபாயில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. நூறு ரூபாய் என்றைக்கும் நூறு ரூபாய். அதனாலோ என்னவோ மக்களிடம் ஆவல் கிளம்பவில்லை. 2023 டிசம்பரில் ஒரே நாளில் 10 லட்சம் பரிவர்த்தனை என்ற இலக்கைத் தொட்டார்கள். வங்கிகள் தங்கள் ஊழியர்களுக்கான படிகளை இதில் போட்டதும் அதற்கு உதவியது, பிறகு எண்ணிக்கை சரிந்தது. 2025 மார்ச் முடிவில் புழக்கத்தில் இருந்த இ-ரூபாய் சுமார் 1,016 கோடி. காகித நோட்டுகளோ 36 லட்சம் கோடிக்கு மேல்.

அதனால் ரிசர்வ் வங்கி யுபிஐயால் முடியாத ஒன்றைத் தேடிப்போனது, அதாவது எதற்குச் செலவழிக்கலாம் என்ற நிபந்தனையைப் பணத்துக்குள்ளேயே எழுதிவைப்பது. ஒடிசாவிலும் ஆந்திராவிலும் சில கிராமங்களில் குத்தகை விவசாயிகளுக்கு ஸ்டேட் வங்கி இப்படிக் கடன் கொடுத்துப் பார்த்தது. குத்தகைக்காரரிடம் நிலப்பட்டா இருக்காது, அதனால் வங்கி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். ஆனால் கொடுக்கும் பணம் விதை, உரம் போன்ற இடுபொருளுக்கு மட்டும்தான் போகும் என்று உறுதியானால், பட்டா இல்லாமலும் கடன் தரலாம் என்பது கணக்கு. பட்டா இல்லாதவருக்கு வங்கிக் கடன் கிடைப்பது சின்ன விஷயமல்ல, அந்த அளவில் இது நல்ல யோசனை. பிட்காயினில் இப்படி ஒரு நிபந்தனையை அவர் தலையில் கட்ட எந்த அதிகாரிக்கும் வழியில்லை, கடன் கொடுக்க அங்கே ஆளும் இல்லை.

ஆனால் நெல் வயலில் செலவு உரக்கடையோடு முடிவதில்லை. நாற்று நட, களை எடுக்க, அறுக்க என்று கூலி கொடுக்க வேண்டும். இடுபொருளுக்கு மட்டும் என்று எழுதிய பணம் அங்கே செல்லாது. வாலெட்டில் தொகை இருந்தாலும் நடவுக்கு ஆள் கூப்பிடும் நாளில் அவர் மறுபடி வட்டிக்கு விடுபவரிடம்தான் கை நீட்ட வேண்டியிருக்கும். நிபந்தனையை எழுதுகிறவர் கூலியையும் சேர்த்து எழுதலாம், அல்லது பொருத்தமான கடைகளின் பட்டியலை இன்னும் சுருக்கலாம். இரண்டையும் அவர் தன் இருக்கையில் இருந்தபடியே செய்ய முடியும், விவசாயியைக் கேட்காமலே.