ஒன்பது நிறத்தில் ஒரு மீன்கொத்தி

குடும்ப வாட்ஸப் குரூப்பில் யாராவது வண்ணச் சதுரங்களை வரிவரியாக அடுக்கி ஒரு பூவோ இதயமோ அனுப்பியிருப்பார்கள். அதே சதுரங்களால் நாம் எடுத்த ஒரு புகைப்படத்தையே படமாக்க முடியும். படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் நெருக்கமான நிறமுள்ள சதுரத்தை வைத்துக்கொண்டே போவதுதான் வேலை. இதைத் தானாகச் செய்துதரும் தளங்களும் செயலிகளும் இருக்கின்றன. இருந்தும் பத்துப் படம் போட்டால் இரண்டுதான் தேறும். படம் சரியாக வருமா வராதா என்பது பெரும்பாலும் எந்தப் புகைப்படத்தை எடுத்துக்கொள்கிறோம் என்பதிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அதற்குக் காரணம் நம் கையில் இருக்கும் நிறங்கள்.

மொத்தம் ஒன்பது நிறம். கறுப்பும் வெள்ளையும் முதலிலிருந்தே உண்டு. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா, பழுப்பு ஆகிய ஏழும் 2019-இல் யூனிகோடின் 12-ஆம் பதிப்பில்தான் சேர்ந்தன. 2021 கடைசியில் வேர்டில் விளையாட்டு பரவியபோது, விடையைச் சொல்லாமல் ஆட்டத்தை மட்டும் காட்டும் பச்சை, மஞ்சள் சதுரங்கள் ஊரெல்லாம் தெரிந்தவையாகிவிட்டன. இந்த ஒன்பதில் சாம்பல் நிறம் கிடையாது. இளஞ்சிவப்பு கிடையாது. கரும்பச்சை, வெளிர்நீலம் என்று அடர்த்தி வித்தியாசமும் கிடையாது. இவற்றுள் சாம்பல் இல்லாததுதான் பெரிய குறை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். கணினிக்கு நிறம் என்பது மூன்று எண்: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கும். நடுத்தரமான சாம்பல் என்றால் மூன்றுமே 128. ட்விட்டர் உருவாக்கி, டிஸ்கார்டும் பயன்படுத்தும் ட்வெமோஜி தொகுப்பில் பச்சைச் சதுரம் 120, 177, 89. சாம்பலுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் முறையே 8, 49, 39; கூட்டினால் 96. பழுப்போடு இதே கணக்கு 137 வரும், ஊதாவோடு 142, கறுப்போடு 219, வெள்ளையோடு 309. குறைந்த எண் பச்சைக்குத்தான். ஆகவே சாம்பல் நிறக் கட்டம் ஒவ்வொன்றும் பச்சையாகிவிடும். சாம்பல் கொஞ்சம் வெளிறி 180 ஆனால் ஊதா ஜெயிக்கும். கருத்து 80 ஆனால் கறுப்பு.

நரைத்த தலையோடு சிமெண்ட் சுவர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் படத்தைப் போட்டால் என்ன ஆகும் என்று இப்போது சொல்லிவிடலாம். கூந்தலின் அடியில் கறுப்பு, நடுவில் பச்சை, மேலே ஊதா, உச்சியில் கொஞ்சம் வெள்ளை. பின்னால் சுவரெல்லாம் பாசி படிந்ததுபோல் பச்சை. செயலி கெட்டுப்போகவில்லை, அது தன் கணக்கைச் சரியாகவே போட்டிருக்கிறது. ஒரு படம் தேறுமா என்று பார்க்க நான் முதலில் தேடுவது சாம்பலைத்தான். சுவர், தார்ச்சாலை, மேகம், நரை என்று எங்காவது பெரிய பரப்பில் சாம்பல் இருந்தால் அந்தப் படத்தை விட்டுவிடுவது நல்லது. விட மனமில்லை என்றால், போட்டோ எடிட்டரில் கான்ட்ராஸ்டை நன்றாகக் கூட்டி, சாம்பலைக் கறுப்புப் பக்கமோ வெள்ளைப் பக்கமோ தள்ளிவிட வேண்டும்.

மனித முகம் வேறொரு காரணத்தாலும் கஷ்டம். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த லியோன் ஹார்மன் 1973-இல் ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சில நூறு கட்டங்களாகக் குறுக்கி வெளியிட்ட படம் புகழ்பெற்றது. கிட்டத்தில் வெறும் கட்டங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் லிங்கன். அவரிடம் நிறமே இல்லை, ஆனால் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே பல படிச் சாம்பல் இருந்தது. முகத்தின் மேடுபள்ளத்தை அந்தப் படிகள்தான் காட்டின. நம்மிடம் அந்தப் படிகள் இல்லை. மாநிறமான முகம் மொத்தமாகப் பழுப்பாகும். நெற்றியில் வெளிச்சம் பட்டுப் பளபளக்கும் இடம் மட்டும் திடீரென்று மஞ்சளாகும். மூக்கும் கன்னமும் இருந்த இடம் தெரியாது.

சரி, எது நன்றாக வரும்? தனித்தனி நிறப் பரப்புகள் கொண்ட, ஓரம் தெளிவான பொருள். எனக்குத் தெரிந்து இந்த ஒன்பது நிறத்துக்கென்றே பிறந்ததுபோல் இருப்பது நம் வயலோரத்துக் கரண்டுக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் வெண்மார்பு மீன்கொத்திதான். பழுப்புத் தலை, வெள்ளைத் தொண்டை, நீல முதுகு, சிவப்பு அலகு, சிவப்புக் கால். எல்லாமே நம் பெட்டியில் உள்ள நிறங்கள்.

முதலில் பறவை நிறைந்து நிற்கும்படி படத்தைச் சதுரமாக வெட்ட வேண்டும். பிறகு அளவை மாற்றும் வசதியில் அகலம் 10, உயரம் 10 என்று கொடுத்தால் நூறே புள்ளிகளாகச் சுருங்கும். பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு கட்டம். பத்துக்கு மேல் போகாததற்குக் காரணம் உண்டு. வாட்ஸப்பில் ஒரு வரியில் எத்தனை சதுரம் கொள்ளும் என்பது பார்ப்பவரின் ஃபோன் அகலத்தையும் எழுத்தளவையும் பொறுத்தது. வரி கொள்ளவில்லை என்றால் கடைசிச் சதுரங்கள் அடுத்த வரிக்கு இறங்கி, படம் முழுக்கச் சிதறிப்போகும். பெரியவர்கள் பலர் எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பார்கள். அவர்கள் இருக்கும் குரூப்புக்குப் பத்துகூடச் சில சமயம் அதிகம். எட்டுக்கு எட்டு போட்டால் பத்திரம்.

சுருக்கிய படத்தில் மூன்று விஷயங்கள் காணாமல் போயிருக்கும். மீன்கொத்தியின் கண் தன் கட்டத்தில் சிறு பகுதியைத்தான் பிடிக்கிறது. சுற்றியுள்ள பழுப்போடு சராசரியாகி மறைந்துவிடும். கம்பி மெல்லியது, அதுவும் பின்னணியில் கரைந்துவிடும். கால்களும் அப்படியே. இந்த மூன்றையும் கையால்தான் வைக்க வேண்டும். கண்ணுக்கு ஒரு கறுப்புச் சதுரம் வைத்தவுடன் அது பறவையாகிவிடுகிறது. அதற்கு முன்னால் அது பழுப்பும் நீலமுமான ஒரு திட்டுதான். தலை நிழலில் இருக்கும் படமென்றால் இன்னொரு தொல்லை: அடர்பழுப்பு கறுப்புக்கு மிக அருகில் இருப்பதால் தலை முழுக்கக் கறுத்துவிடும். சுருக்குவதற்கு முன்பே வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பின்னணியை நான் மாற்றிவிடுவேன். புகைப்படத்தில் பின்னால் இருப்பது நெல் வயல், பச்சை. ஆனால் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள், குறிப்பாக ஆண்களில், எந்தக் குரூப்பிலும் ஓரிருவர் இருக்கக்கூடும். பச்சைக்கு முன்னால் சிவப்பு அலகும் பழுப்புத் தலையும் அவர்களுக்குச் சேர்ந்துபோகும். வெள்ளையும் ஆகாது, தொண்டை மறைந்துவிடும். மஞ்சள் வைத்தால் எல்லாம் தனித்தனியாக நிற்கிறது. அறுவடைக்கு நிற்கும் வயல் என்று வைத்துக்கொள்ளலாம்.

```
🟨🟨🟨🟨🟫🟫🟫🟨🟨🟨
🟨🟨🟨🟫⬛🟫🟫🟫🟨🟨
🟥🟥🟥🟥🟫🟫🟫🟫🟨🟨
🟨🟨🟨⬜⬜🟫🟫🟦🟨🟨
🟨🟨🟨⬜⬜⬜🟦🟦🟦🟨
🟨🟨🟨🟫⬜🟦🟦🟦🟦🟨
🟨🟨🟨🟫🟫🟫🟦🟦🟦🟨
🟨🟨🟨🟨🟫🟫🟫🟦🟦🟨
⬛⬛⬛⬛🟥🟥⬛🟦🟦⬛
🟨🟨🟨🟨🟨🟨🟨🟨🟦🟦
```

அலகு நான்கு கட்டம் நீண்டிருப்பதைப் பாருங்கள். அளந்து பார்த்தால் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் மீன்கொத்தியை மீன்கொத்தி என்று சொல்வதே அந்த அலகு. மூன்று கட்டத்தில் நிறுத்தினால் மைனா மாதிரி ஆகிவிடும். இந்தச் சுதந்திரத்தை எடுத்துக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை. வயர்க்கூடை பின்னுபவர்கள் அன்னத்தின் கழுத்துக்கு ஒரு கண்ணி கூடுதலாக விடுவார்களே, அதே நியாயம்தான்.

தட்டச்சு செய்வதில் ஒரு சுலப வழி: பின்னணிச் சதுரம் பத்தை ஒரு வரியில் போட்டு, அதை நகலெடுத்துப் பத்து வரியாக்கிவிட்டு, பிறகு வேண்டிய இடத்தில் மட்டும் மாற்றுவது. கீபோர்டின் இமோஜித் தேடலில் square என்று அடித்தால் சதுரங்கள் ஒன்றாக வரும். அங்கே ஒரு பொறி இருக்கிறது. கறுப்பு, வெள்ளைச் சதுரங்கள் மட்டும் நான்கு அளவில் இருக்கின்றன. ஆகப் பெரியதைத்தான் எடுக்க வேண்டும். சிறியதில் ஒன்று கலந்தாலும் அந்த வரியில் பல்லிடுக்கு விழுந்ததுபோல் தெரியும். காலி இடத்துக்கு ஸ்பேஸ் தட்டுவதும் கூடாது. அது சதுரத்தைவிடக் குறுகியது, அந்த வரி முழுக்க இடப்பக்கம் நகர்ந்துவிடும்.

அனுப்புவதற்கு முன்னால் ஃபோனைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். ஹார்மனின் லிங்கனுக்கு நடந்ததுதான் இங்கும் நடக்கிறது: கட்டங்களின் ஓரம் மங்கியதும் மூளை உருவத்தைப் பிடிக்கிறது. அப்போதும் பறவை தெரியவில்லை என்றால் இன்னும் சில கட்டங்களை மாற்றிப் பார்க்கலாம். அதிலும் பலனில்லையென்றால் படத்தையே மாற்றிவிடலாம். அடுத்து, டார்க் மோடுக்கு மாறி ஒரு முறை பார்க்க வேண்டும். ஓரத்தில் இருக்கும் கறுப்புச் சதுரங்கள் இருண்ட திரையில் கரைந்துவிடும், வெளிச்சத் திரையில் வெள்ளைக்கும் அதே கதி. நம் படத்தில் கம்பியின் இரு முனைகளும் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன, ஆனால் மேலும் கீழும் மஞ்சள் இருப்பதால் தப்பிக்கிறது. இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும்: ஐஃபோனின் பழுப்பும் ஆண்ட்ராய்டின் பழுப்பும் ஒன்றல்ல. நாம் அனுப்புவது நிறத்தை அல்ல, "பழுப்புச் சதுரம்" என்ற குறியீட்டை. அதை எந்தப் பழுப்பில் காட்டுவது என்பதை வாங்கும் ஃபோனோ செயலியோ முடிவு செய்கிறது. ஆகவே இரண்டு நிறங்களின் நுண்ணிய வித்தியாசத்தை நம்பி எதையும் வரையக் கூடாது.

பார்வையற்றவர்களின் ஃபோனில் திரையைப் படித்துச் சொல்லும் வசதி இருக்கும். அது இந்த மீன்கொத்தியை "மஞ்சள் சதுரம், மஞ்சள் சதுரம்" என்று நூறு முறை ஒப்பிக்கும். வேர்டில் பரவிய நாட்களிலேயே இந்தக் குறையைப் பலர் எடுத்துச் சொன்னார்கள். குரூப்பில் அப்படி ஒருவர் இருந்தால், சதுரங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் படமாக அனுப்பி, கீழே "கம்பியில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தி, இடப்பக்கம் பார்க்கிறது, நீண்ட சிவப்பு அலகு" என்று ஒரு வரி எழுதிவிடலாம். ஸ்கிரீன்ஷாட்டில் வரி உடைவதும் இல்லை, ஃபோனுக்கு ஃபோன் நிறம் மாறுவதும் இல்லை.